14 ஆண்டு கிளினிக் பதிவுகளை ஒரே விரிதாளில் ஒழுங்குபடுத்துவது: தேதிகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதிவறை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சர்க்கரை நோய்க்கான ஒரு கிளினிக்கில் பதிவேடுகளைக் கவனித்து வருகிறேன். 2009 முதல் 2023 வரையிலான பதிவுகள் ஒரே எக்செல் கோப்பில் உள்ளன. ஒரு நோயாளிக்கு ஒரு வரி என்ற முறையில் 412 வரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வருகைக்கும் தேதி, எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என ஐந்து நெடுவரிசைகள் வலப்பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும். மிக அதிகமாக வந்தவர் 46 முறை வந்திருப்பதால் தாள் 230 நெடுவரிசைகளுக்கு மேல் நீண்டுவிட்டது. தலைப்புகளும் ஒரே மாதிரி இல்லை. ஓரிடத்தில் Wt, இன்னோரிடத்தில் wt., வேறோரிடத்தில் எடை 2 என்று இருக்கும்.

மருந்தை மாற்றிய பிறகு எச்பிஏ1சி எத்தனை மாதங்களில் இறங்குகிறது என்று கணக்கிட மருத்துவர் விரும்புகிறார். கோப்பைப் பார்த்த புள்ளியியல் மாணவர் ஒருவர், சில நோயாளிகளின் மூன்றாவது வருகை இரண்டாவது வருகைக்கு முந்தைய தேதியில் இருப்பதாகச் சொல்லிக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார். தேதிகளில் சில கட்டத்தின் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நிற்பதை நானும் கவனித்திருக்கிறேன்; அதற்கு ஏதேனும் பொருள் உண்டா என்பது எனக்குத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கணக்கர்

இது எளிய வேலைதான். தேதி நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்து, கட்ட வடிவமைப்பில் yyyy-mm-dd என்று கொடுத்துவிடுங்கள். எல்லாத் தேதிகளும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். எங்கள் அலுவலகத்தில் பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறோம்.

நாட்காட்டி_உதவி

நோயாளிகளின் அடுத்த வருகைத் தேதியை நினைவூட்டுவதுதான் தேவையென்றால், விரிதாளைவிட நாட்காட்டிச் செயலி ஒன்றில் பதிவது நல்லது. தேதி நெருங்கும்போது கட்டம் சிவப்பாக மாறும்படியும் செய்யலாம். வேண்டுமானால் அதற்கான சூத்திரத்தைத் தருகிறேன்.

பதிவறை

நன்றி. ஆனால் வரப்போகும் வருகைகளைப் பற்றி நான் கேட்கவில்லை. நடந்து முடிந்த வருகைகளை ஆய்வுக்கு ஏற்றபடி அடுக்குவதைப் பற்றித்தான் கேட்கிறேன்.

கணக்கர் சொன்னபடி ஒரு பிரதியில் செய்து பார்த்தேன். வலப்பக்கம் நின்றவை 2014-04-03 என்பது போல மாறின. இடப்பக்கம் நின்றவை 25/03/2014 என்று அப்படியே இருக்கின்றன.

தரவுக்காரி

இடமும் வலமும் பற்றி நீங்கள் கவனித்ததில்தான் இந்தச் சிக்கலின் நுனி இருக்கிறது. நீண்டகாலத் தொடர்கண்காணிப்புத் தரவுகளோடு பல ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எக்செல் ஒரு தேதியை உண்மையில் ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 2014 மார்ச் 4 என்பது அதற்கு 41702. கணக்கர் சொன்ன வடிவமைப்பு அந்த எண்ணுக்கு வேறு சட்டை மாட்டுகிறதே தவிர எண்ணை மாற்றுவதில்லை. எண்ணாக மாறியவை வலப்பக்கமும் வெறும் எழுத்தாகத் தங்கிவிட்டவை இடப்பக்கமும் நிற்கின்றன. யாரும் கையால் இடவல ஒழுங்கை மாற்றியிருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. ஆகவே எழுத்தாக இருப்பவை வடிவமைப்புக்கு அசையாததில் வியப்பில்லை. எனக்குக் கவலை தருபவை எண்ணாக மாறியவைதான்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். உங்கள் கிளினிக் வாரத்தில் எந்தெந்த நாள்களில் நடக்கும் என்று சொல்லுங்கள்.

பதிவறை

தொடக்கத்திலிருந்தே செவ்வாய்க்கிழமை மட்டும்தான். செவ்வாய் விடுமுறையாக இருந்தால் மறுநாள் புதன்கிழமை நடக்கும். அது ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இருக்கலாம்.

தரவுக்காரி

இதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. 2014 மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமைகளை எடுத்துக்கொள்வோம்: 4, 11, 18, 25. பதிந்தவர் நாள்/மாதம்/ஆண்டு என்ற முறையில் 04/03/2014, 11/03/2014, 18/03/2014, 25/03/2014 என்று தட்டியிருப்பார். ஆனால் அந்தக் கணினியின் வட்டார அமைப்பு மாதம்/நாள்/ஆண்டு என்று இருந்திருந்தால், முதல் இரண்டையும் அது ஏப்ரல் 3 என்றும் நவம்பர் 3 என்றும் படித்து, மறுப்பேதும் சொல்லாமல் எண்ணாக்கிவிடும். மற்ற இரண்டில் 18ஆவது மாதமும் 25ஆவது மாதமும் கிடையாது என்பதால் அவற்றை எழுத்தாகவே விட்டுவிடும். பார்க்க ஒழுங்கற்றிருக்கும் எழுத்துத் தேதிகள்தான் இங்கே சரியானவை. அழகாக மாறியவைதான் தவறானவை.

நீங்கள் எடுத்துக்காட்டிய 2014-04-03 வியாழக்கிழமை. அன்று உங்கள் கிளினிக்கே நடக்கவில்லை. நாளையும் மாதத்தையும் இடம் மாற்றினால் மார்ச் 4, செவ்வாய்க்கிழமை.

இது கோப்பு முழுவதும் நடந்திருக்கிறதா என்று அறிய ஒரு விகிதமும் உதவும். மாதத்துக்குச் சராசரியாக 30 நாள் இருக்க, அவற்றில் முதல் 12 நாள்கள் மட்டுமே இப்படி ஏமாறக்கூடியவை. எனவே இந்தக் கோளாறு உள்ள பகுதியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு தேதிகள் எண்ணாகவும் மீதி எழுத்தாகவும் இருக்கும். எண்ணாக இருப்பவற்றில் 12க்கு மேற்பட்ட நாளே வராது. இந்த இரண்டும் பொருந்தினால் நோய் இன்னதென்று உறுதியாகிவிடும்.

ஆனால் 46 தேதி நெடுவரிசைகளில் தனித்தனியாக இதைச் சோதிப்பது வீண்பாடு. முதலில் தாளின் அமைப்பை மாற்றுங்கள். ஒரு வருகைக்கு ஒரு வரி என்று வைத்தால் தேதிகள் எல்லாம் ஒரே நெடுவரிசையில் வந்து நிற்கும். திருத்தத்தை அதன் பிறகு ஒரே இடத்தில் செய்யலாம். தேதியை முதலில் திருத்திவிட்டு அமைப்பைப் பிறகு மாற்றுவோம் என்று போனவர்கள் ஒரே தவற்றை 46 முறை தேடியிருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அவர்களில் ஒருத்தி.

டாக்டர்_வாசகர்

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. நோயாளி என் முன்னால் அமர்ந்திருக்கும்போது அவருடைய எல்லா வருகைகளும் ஒரே வரியில் தெரிய வேண்டும். ஒருவருடைய 46 வருகைகள் 46 வரிகளில் கிடந்தால், மற்றவர்களுடைய வரிகளுக்கு நடுவே நான் தேடிக்கொண்டா இருப்பேன்? ஒரு நோயாளிக்கு ஒரு வரி என்பதில் 412 வரி, 412 பேர் என்ற கணக்காவது நேராக நிற்கிறது.

தரவுக்காரி

நோயாளியைப் பார்க்கும்போது நீங்கள் கேட்பது முற்றிலும் நியாயமே. ஆனால் அது பார்வைக்கான தாள். சேமிப்பதற்கான தாள் வேறு. வருகைக்கு ஒரு வரி என்ற தாளிலிருந்து, நோயாளி எண்ணைக் கொடுத்தால் அவருடைய வருகைகள் மட்டும் தேதிவாரியாக வரும்படி ஒரு பிவட் அட்டவணையோ வடிகட்டியோ அமைத்துவிடலாம். அந்த அகலத் தாளை வைத்துக்கொண்டு, இரண்டு எச்பிஏ1சி அளவீடுகளுக்கு நடுவே எத்தனை நாள் என்று கேட்டால்தான் திண்டாட்டம்: விடை எந்த இரண்டு நெடுவரிசைகளைக் கழிப்பது என்பதைப் பொறுத்தது, அதுவும் ஆளுக்கு ஆள் மாறும்.

ஆள்கணக்குக்குத் தனியாக ஒரு தாள் இருக்கட்டும். பிறந்த தேதி, பாலினம், முதல் பதிவுத் தேதி போன்ற மாறாத செய்திகளை நோயாளிக்கு ஒரு வரியாக அதில் வையுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் ஆய்வுக்குப் போகும் கோப்பில் வேண்டாம். வருகைத் தாளில் நோயாளி எண் மட்டும் இருந்தால் போதும். அந்த எண் 0417 என்பது போலச் சுழியத்தில் தொடங்கினால், எக்செல் அதை 417 ஆக்கிவிடும். P0417 என்று ஓர் எழுத்தை முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதிவறை

230 நெடுவரிசைகளைக் கையால் வெட்டி ஒட்டினால் வேறு தவறுகள் நேரும் என்று அஞ்சுகிறேன். நிரல் எழுதவும் எனக்குத் தெரியாது.

ஆர்_பயனர்

வெட்டி ஒட்ட வேண்டாம். எக்செல்லில் உள்ள பவர் குவெரியே போதும். தலைப்புகளை மட்டும் முதலில் ஒரே மாதிரி ஆக்குங்கள். ஐந்து நெடுவரிசைகளுக்கும் date_1, wt_1, bp_1, sugar_1, hba1c_1 என்றும், அடுத்த வருகைக்கு date_2, wt_2 என்றும் போகட்டும். அடிக்கோட்டுக்கு இடப்பக்கம் அளவீட்டின் பெயர், வலப்பக்கம் வருகை எண். ஒன்றிணைத்த கட்டங்கள் இருந்தால் அவற்றை முன்பே பிரித்துவிட வேண்டும்.

நோயாளி எண்ணைத் தவிர மற்ற நெடுவரிசைகளை Unpivot Other Columns கொண்டு ஒன்றன்கீழ் ஒன்றாக இறக்குங்கள். Attribute என்று வரும் நெடுவரிசையை அடிக்கோட்டில் இரண்டாகப் பிரியுங்கள். பிறகு அளவீட்டின் பெயர் உள்ள பகுதியை Pivot Column மூலம் மீண்டும் தலைப்பாக்குங்கள். அங்கே Don't Aggregate என்பதைத் தேர்ந்தெடுப்பது முக்கியம், இல்லையென்றால் மதிப்புகளுக்குப் பதிலாக எண்ணிக்கை வந்து உட்கார்ந்துவிடும். கோப்பை ஏற்றும்போது பவர் குவெரி தானாகச் சேர்க்கும் Changed Type என்ற படியையும் நீக்கிவிடுங்கள். தேதி எது என்று அது தானே ஊகிக்க முயலும். உங்களுக்கு இன்னொரு ஊகம் தேவையில்லை.

வருகை எண்ணை இறுதியில் தேவையில்லை என்று அழித்துவிடாதீர்கள். அதன் பயன் பிறகு தெரியும். தேதி இல்லாமல் எடை மட்டும் உள்ள வரிகளையும் நீக்க வேண்டாம். தேதி விடுபட்ட வருகையும் வருகைதான்.

பதிவறை

இரண்டு மாலை நேரம் பிடித்தது. இப்போது 6,318 வரிகள் இருக்கின்றன. 2018 ஜூனில் கணினியை மாற்றினோம் என்பது நினைவுக்கு வந்ததால், அதற்கு முன்பும் பின்பும் என்று பிரித்துப் பார்த்தேன். புதிய கணினியில் பதிந்த 2,213 வரிகளில் எல்லாத் தேதிகளும் எண்ணாக உள்ளன. ஒருசில புதன்கிழமைகளைத் தவிர எல்லாம் செவ்வாய்க்கிழமையில் விழுகின்றன. பழைய கணினியின் 4,105 வரிகளில் 1,622 எண்ணாகவும் 2,483 எழுத்தாகவும் இருக்கின்றன. தரவுக்காரி சொன்ன விகிதம் ஏறத்தாழ அப்படியே வருகிறது.

ஆனால் ஒன்று இடறுகிறது. அந்த 1,622இல் 37 தேதிகளின் நாள் 12க்கு மேல் இருக்கிறது. அவை எப்படி வந்தன?

கணக்கர்

முதலில் நான் சொன்னது அரைகுறைதான், ஒப்புக்கொள்கிறேன். இப்போது தெளிவாகிவிட்டது. பழைய கணினியின் எண்கள் அனைத்துக்கும் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றும் சூத்திரத்தைப் போட்டு இழுத்துவிட்டால் வேலை முடிந்தது:

```
=DATE(YEAR(C2),DAY(C2),MONTH(C2))
```

37 வரிகள்தானே, தவறாக வந்தால் பிழை என்று காட்டிவிடும், கையால் திருத்திக்கொள்ளலாம்.

ஆர்_பயனர்

பிழை காட்டாது, அதுதான் இந்தச் சூத்திரத்தின் வினை. 2014 மார்ச் 25 என்று சரியாகப் பதிந்த ஒரு தேதிக்கு இதைப் போட்டால், அது 2014ஆம் ஆண்டின் 25ஆவது மாதம், 3ஆம் நாள் என்று கேட்கிறது. எக்செல் மறுக்காமல் மாதங்களை எண்ணிக்கொண்டே போய் 2016 ஜனவரி 3 என்று விடை தரும். அது பார்க்க நல்ல தேதி போலத்தான் இருக்கும். 37 வரிகள் இரண்டு ஆண்டு வரை தள்ளிப் போய்க் கோப்பில் கரைந்துவிடும்.

பதிவறை அவர்களே, அந்த 37 வரிகளையும் திருத்தும் முன், அவை எந்தக் காலத்தைச் சேர்ந்தவை என்று பாருங்கள்.

பதிவறை

பார்த்தேன். அனைத்தும் 2016 பிற்பகுதியைச் சேர்ந்தவை. அப்போது நான் விடுப்பில் இருந்தேன். தற்காலிகமாக ஒருவர் பதிந்தார். கணினி தேதியை ஏற்க மறுப்பதைக் கண்டு, அவர் அதன் விருப்பப்படியே மாதத்தை முன்னால் தட்டத் தொடங்கியிருக்க வேண்டும்.

தரவுக்காரி

அப்படியானால் அவர் பதிந்தவற்றில் நாள் 12க்குள் அமைந்த தேதிகளும் இருக்கும். அவையும் சரியான தேதிகளே, அவற்றைத் தொடக்கூடாது. ஆனால் வெளிப்பார்வைக்கு அவை தவறான தேதிகளிலிருந்து சிறிதும் வேறுபடாமல் அவற்றோடு கலந்து கிடக்கும். இதனால்தான் மொத்தமாக இழுத்துவிடும் சூத்திரம் எதையும் நான் நம்புவதில்லை.

இப்படிச் செய்யுங்கள். மூலத் தேதி உள்ள நெடுவரிசைக்கு date_raw என்று பெயரிட்டு, அதை ஒருபோதும் மாற்றாதீர்கள். அது C நெடுவரிசை என்று கொள்வோம். அடுத்த இரண்டு நெடுவரிசைகளில் இரண்டு வாசிப்புகளையும் அருகருகே எழுதுங்கள். D2இல் உள்ளபடியே:

```
=IF(ISNUMBER(C2),C2,DATE(RIGHT(C2,4),MID(C2,4,2),LEFT(C2,2)))
```

E2இல் இடம் மாற்றி:

```
=IF(ISNUMBER(C2),IF(DAY(C2)<=12,DATE(YEAR(C2),DAY(C2),MONTH(C2)),""),"")
```

எழுத்துத் தேதியில் 25/3/2014 என்று மாதம் ஒற்றை இலக்கமாக இருந்தால் முதல் சூத்திரம் `#VALUE!` என்று நிற்கும். அந்தக் கட்டத்தை மட்டும் நேரில் பார்த்துக்கொள்ளலாம். பின்னால் ஒட்டிய இடைவெளிகள் தொல்லை தரும், ஆகவே முன்கூட்டியே TRIM போட்டு எடுத்த எழுத்தின்மேல் இதைச் செய்வது நல்லது.

பிறகு இரண்டுக்கும் `=WEEKDAY(D2,2)` போன்ற சூத்திரம் போட்டால், செவ்வாய்க்கிழமைக்கு 2 என்று வரும். ஒரு வாசிப்பு மட்டும் செவ்வாயில் விழுந்தால் அதுவே தேதி. தற்காலிகப் பணியாளரின் தேதிகள் உள்ளபடியே செவ்வாயில் நிற்கும். மற்றவை இடம் மாற்றிய பிறகு செவ்வாயில் நிற்கும். எந்தக் கட்டத்தை யார் பதிந்தார் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஆர்_பயனர்

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. ஏழில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு வாசிப்புகளும் செவ்வாயிலேயே விழும். சில இணைகள் எப்போதுமே ஒரே கிழமையில்தான் வரும்: மே 9ஆம் நாளும் செப்டம்பர் 5ஆம் நாளும் எந்த ஆண்டிலும் ஒரே கிழமை, ஜூலை 11, நவம்பர் 7 இணையும் அப்படியே. 2017இல் இந்த நான்கு நாள்களுமே செவ்வாய்க்கிழமை. அந்த ஆண்டுப் பதிவுகள் பழைய கணினியில்தானே செய்யப்பட்டன? அங்கே கிழமை உங்களுக்கு எதுவும் சொல்லாது.

வருகை எண்ணை அழிக்க வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். அகலத் தாளில் வருகைகள் நடந்த வரிசைப்படியே வலப்பக்கம் அடுக்கப்பட்டவை. 7ஆம் வருகையின் தேதி 6ஆம் வருகைக்குப் பின்னும் 8ஆம் வருகைக்கு முன்னும் இருந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருபவருக்கு மே 9, செப்டம்பர் 5 இரண்டில் ஒன்றுதான் இடையில் பொருந்தும். ஆனால் பக்கத்து வருகையின் தேதி முதலில் உறுதியாக இருக்க வேண்டும். ஐயமுள்ள ஒன்றை வைத்து ஐயமுள்ள இன்னொன்றைத் தீர்க்காதீர்கள்.

பழைய_மேக்

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை செய்த பிசியோதெரபி நிலையத்தில் தேதிகள் எல்லாம் எண்ணாகத்தான் இருந்தன, மாதமும் நாளும் குழம்பவில்லை. ஆனாலும் ஒரு பகுதி முழுவதும் நான்கு ஆண்டு பின்னுக்குப் போயிருந்தது. பழைய மேக் கணினியில் உருவான கோப்பிலிருந்து ஒட்டியதுதான் காரணம். அந்தக் கோப்புகள் நாள்களை 1904இலிருந்து எண்ணும், மற்றவை 1900இலிருந்து எண்ணும். ஒட்டும்போது எண் அப்படியே வந்துவிட, தேதி 1462 நாள் பின்னுக்குப் போகிறது, அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும். பதிவறை அவர்களின் கோப்பிலும் இதுவாக இருக்கலாமே?

தரவுக்காரி

இவர்களுடைய கோப்பில் அதற்கான அறிகுறி இல்லை. அப்படி நடந்திருந்தால் எழுத்துத் தேதிகள் கலந்திருக்கக் காரணமில்லை. மேலும் 1462ஐ ஏழால் வகுத்தால் மீதி ஆறு. செவ்வாய்க்கிழமைகள் எல்லாம் ஒட்டுமொத்தமாகப் புதன்கிழமைகளாக மாறியிருக்கும். புதிய பகுதியில் இருப்பவை ஆண்டுக்கு இரண்டு மூன்று புதன்கள் மட்டுமே, அவற்றுக்கு விடுமுறை என்ற விளக்கமும் இருக்கிறது. ஆனாலும் ஒட்டுமொத்தமாக ஒரு நாள் தள்ளி நிற்கும் பகுதி வேறு யாருடைய கோப்பிலாவது தெரிந்தால், முதலில் ஐயப்பட வேண்டியது நீங்கள் சொன்னதைத்தான்.

பதிவறை அவர்கள் பிறந்த தேதிகளையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஆண்டை இரண்டு இலக்கத்தில் தட்டியிருந்தால், கணினியின் வழக்கமான அமைப்பில் 29 வரை உள்ளவை 2000ஐச் சேர்ந்தவையாகவும் 30 முதல் உள்ளவை 1900ஐச் சேர்ந்தவையாகவும் கொள்ளப்படும். இந்த எல்லை கணினிக்குக் கணினி மாறலாம். 2009இல் வந்த 81 வயதுப் பெரியவர் 28 என்று தட்டப்பட்டு, 2028இல் பிறக்கப் போகிறவராகக் கோப்பில் இருக்கக்கூடும்.

பதிவறை

மூன்று பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஒருவருக்கு வயது கழித்தல் 18 என்று வருகிறது.

கிழமைச் சோதனையையும் முடித்துவிட்டேன். பழைய கணினியின் எண்களில் 214 வரிகளுக்கு இரண்டு வாசிப்புகளும் செவ்வாயில் விழுந்தன. அவற்றில் பல 05/05 போல நாளும் மாதமும் ஒன்றாக இருப்பவை, எனவே எப்படிப் படித்தாலும் வேறுபாடில்லை. மீதியில் பெரும்பாலானவற்றை முன்பின் வருகைகள் தீர்த்துவைத்தன. 19 வரிகள் மட்டும் எஞ்சின. பெரும்பாலும் ஒரே முறை வந்து திரும்பாதவர்கள். அவர்களுக்குத் தாள் அட்டைகளைத் தேட வேண்டும். இரண்டு வாசிப்பிலும் செவ்வாயில் விழாதவை சில உண்டு. அவை விடுமுறைக்கு மறுநாள் புதன்களா என்று பழைய நாட்காட்டிகளைக் கொண்டு பார்த்து வருகிறேன்.

இப்போது நெடுவரிசைப் பெயர்கள். தமிழிலேயே வைக்கலாமா? எங்களில் எல்லோருக்கும் அதுவே எளிது.

ஆர்_பயனர்

வைக்க முடியாது என்றில்லை. ஆனால் கோப்பை வெறும் CSV ஆகச் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். CSV UTF-8 என்று பார்த்துச் சேமிக்க வேண்டும். யாராவது ஒருநாள் மறப்பார்கள். அதனால் patient_id, visit_no, visit_date, weight_kg, bp_systolic, bp_diastolic என்று சிறிய எழுத்தில், இடைவெளியின்றி, அலகையும் பெயரிலேயே சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் தமிழில் விளக்கம், அலகு, ஏற்கத்தக்க எல்லை ஆகியவற்றை எழுதிய தனித் தாள் ஒன்று அதே கோப்பில் இருக்கட்டும். இரத்த அழுத்தத்தை 140/90 என்று ஒரே கட்டத்தில் வைக்காமல் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். அளக்காத இடத்தில் சுழியமோ 999ஓ போடாமல் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

தேதியைக் காட்சிக்கு yyyy-mm-dd என்று வையுங்கள். கணக்கர் முதலில் சொன்னதை இந்தக் கட்டத்தில்தான் செய்ய வேண்டும். CSV கோப்பை எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறந்து மீண்டும் சேமிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். திறக்கும் கணினியின் தேதி வடிவிலேயே அது திரும்ப எழுதிவிடும், பட்ட பாடெல்லாம் மறுபடி முதலிலிருந்து.

டாக்டர்_வாசகர்

எச்பிஏ1சி பற்றி யாரும் பேசவில்லையே. இரத்தம் எடுத்த நாள் பெரும்பாலும் வருகைக்குச் சில நாள்கள் முந்தையதாக இருக்கும். அளவு எப்போது இறங்கியது என்பதுதான் மருத்துவரின் கேள்வி என்றால், வருகைத் தேதியை அதன்மேல் ஏற்றுவது சரியா?

தரவுக்காரி

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆய்வகச் சோதனைகளை labs என்று தனித்தாளாக்கி, patient_id, sample_date, test, value, unit என்று வைப்பதே என் வழக்கம். ஒரு சோதனைக்கு ஒரு வரி. sample_date என்பது இரத்தம் எடுத்த நாள். அறிக்கை வந்த நாள் அல்ல. அலகு தனியாக இருப்பது இங்கே முக்கியம். ஆய்வகம் மாறினால் விழுக்காட்டிலிருந்து மில்லிமோல் கணக்குக்கும் மாறலாம். 7.0 விழுக்காடும் 53 மில்லிமோல்/மோலும் ஒரே அளவுதான், ஆனால் ஒரே நெடுவரிசையில் அலகின்றிக் கலந்தால் நோயாளி திடீரென்று ஏழரை மடங்கு மோசமானதாகத் தெரியும்.

ஆர்_பயனர்

இதில் மட்டும் நான் மாறுபடுகிறேன். இவர்கள் பதிவது சர்க்கரை, எச்பிஏ1சி என இரண்டே சோதனைகள். hba1c_pct, hba1c_date என்று வருகைத் தாளிலேயே இரண்டு நெடுவரிசைகளை வைத்தால் பதிபவருக்கும் எளிது, ஆய்வுக்கும் போதும். சோதனைகள் பத்து பதினைந்தாகப் பெருகும்போது தனித்தாளை யோசிக்கலாம்.

தரவுக்காரி

ஒரு வருகைக்கு முன் இரண்டு முறை இரத்தம் எடுத்திருந்தால் இரண்டாவதை எங்கே வைப்பீர்கள்?

ஆர்_பயனர்

அப்படி எத்தனை முறை நடந்திருக்கிறது என்று பதிவறை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பதிவறை

அகலத் தாளில் இரத்தம் எடுத்த தேதியே பதியப்படவில்லை. அது தாள் அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. 19 பேரின் அட்டைகளைத் தேட எப்படியும் பதிவறைக்குப் போகிறேன். அப்போது ஐம்பது அட்டைகளைச் சேர்த்து எடுத்து, இரண்டு முறை எடுத்தது எத்தனை பேருக்கு என்று எண்ணிவிட்டு இங்கே எழுதுகிறேன். அதுவரை labs தாளைத் தொடங்கவில்லை.